விரல் மாட்டுவது நடு மூட்டில் அல்ல

அன்புள்ள குமுளி வாசகிக்கு,

காலையில் எழும்போது வலது கை மோதிர விரல் மடங்கிக் கிடக்கிறது, இடது கையால் இழுத்தால் ‘டக்’கென்று நிமிர்கிறது, வெயில் ஏறிய பிறகு தொல்லை குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். நடு மூட்டில் வலிப்பதால் அங்கே தைலம் தேய்த்து, துணியைச் சுற்றிக் கட்டிப் படுத்தும் இரண்டு மாதமாகக் குறையவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற இன்னும் பலருக்கு இந்தத் தொல்லை இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உள்ளங்கையை மேலே காட்டி வைத்து, மோதிர விரலுக்கு நேர் கீழே, விரலுக்கு அருகில் ஓடும் ரேகையின் மேல் இடது கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்தியபடியே விரலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஒரு சின்னப் பட்டாணி நகர்வது போலத் தெரியும். அந்த இடம் நன்றாக வலிக்கவும் செய்யும். அப்படியிருந்தால் நோய் அங்கேதான் இருக்கிறது. இத்தனை நாள் தைலம் தேய்த்த நடு மூட்டில் இல்லை.

விரலை மடக்கும் தசைநார் முன்கையிலிருந்து புறப்பட்டு உள்ளங்கை வழியாக விரலுக்குள் போகிறது. அது எலும்பை விட்டு விலகாமல் இருக்க வழியில் சில வளையங்கள் உண்டு. அவற்றில் முதல் வளையம் விரல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அந்த வளையம் தடித்து, அதன் வழியே ஓடும் நாரும் வீங்கி முடிச்சுப் போல ஆனால் இரண்டும் உரசும். விரலை மடக்கும்போது முடிச்சு வளையத்தைத் தாண்டி உள்ளங்கைப் பக்கம் வந்துவிடும். மடக்கும் தசைகளுக்கு வலு அதிகம் என்பதால் அது சுலபம். நீட்டும் தசைகளுக்கு அந்த வலு இல்லை. முடிச்சு திரும்ப வளையத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடும். நீங்கள் இழுக்கும்போது அது நெருக்கிக்கொண்டு உள்ளே போவதுதான் அந்த ‘டக்’. உதறிக்கொண்டு நிமிர்வது நடு மூட்டு என்பதால் வலி அங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. தூக்கத்தில் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். மணிக்கணக்கில் அசைவில்லாததால் நீரும் கோத்துக்கொள்ளும். காலையில் தொல்லை அதிகமாக இருப்பது அதனால்தான். 1850-லேயே நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் நாரில் வரும் இந்த முடிச்சைப் பற்றி எழுதிவிட்டார். மருத்துவர்கள் இதை டிரிகர் ஃபிங்கர் என்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒவ்வொரு முறை வெடுக்கென்று இழுக்கும்போதும் முடிச்சு இன்னும் உரசி வீங்குகிறது. ஆகவே சொடக்கு எடுப்பதையும், சரியாகிவிட்டதா என்று மடக்கி மடக்கிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். காலையில் கையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு விரலைத் தாங்கிப் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். இன்னொன்று, கட்டு போட வேண்டிய இடம் விரலின் அடி மூட்டு. அந்த மூட்டு மடங்காமல் இருந்தால் நார் வளையத்துக்குள் ஓடும் தூரம் குறையும். வீக்கம் வடிய நேரம் கிடைக்கும்.

அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவில் கேட்டால் அளவெடுத்து ஸ்பிளிண்ட் செய்து கொடுப்பார்கள் அல்லது எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். அதுவரை மருந்துக் கடையில் கிடைக்கும், ஒருபுறம் ஸ்பாஞ்ச் ஒட்டிய அலுமினியப் பட்டை போதும். உள்ளங்கையின் நடுவிலிருந்து நடு மூட்டுக்குச் சற்று முன்பு வரை வருமாறு வெட்டி, ஓரங்களில் பிளாஸ்திரி ஒட்டி, உள்ளங்கைப் பக்கமாக வையுங்கள். விரலின் அடிப் பகுதியில் ஒரு சுற்று, உள்ளங்கையில் ஒரு சுற்று. போட்ட பிறகு அடி மூட்டு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். நடு மூட்டும் நுனி மூட்டும் தாராளமாக மடங்க வேண்டும். நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ தளர்த்துங்கள். கடையில் விரல் ஸ்பிளிண்ட் என்று கேட்டால் பெரும்பாலும் நுனிவரை மூடும் ஒன்றைத் தருவார்கள். அதை நாள் முழுக்கப் போட்டால் விரல் விறைத்துப்போகும்.

பகலில் விழித்திருக்கும்போது, ஸ்பிளிண்டைக் கழற்றாமலே, நடு மூட்டையும் நுனி மூட்டையும் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது தடவை மடக்கி நீட்டுங்கள். நார் வளையத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

எத்தனை நாள்? குறைந்தது ஆறு வாரம். பலர் பத்து நாளில் சற்றுக் குறைந்ததும் கழற்றிவிடுகிறார்கள்; மறுபடி மாட்டுகிறது. 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக ஆறு வாரம் ஸ்பிளிண்ட் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குணம் தெரிந்தது. கட்டைவிரலில் வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான். ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர்களுக்கும் பலன் குறைவு. உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது, மாட்டுவது மோதிர விரல், இன்னும் கையால் நிமிர்த்த முடிகிறது. ஆகவே முயன்று பார்ப்பதற்கு இது நல்ல சமயம்.

வேலையை விட முடியாது என்று எழுதியிருந்தீர்கள். விட வேண்டாம். உங்கள் வேலையைக் கூர்ந்து பார்த்தால், சரத்திலிருந்து காயைக் கிள்ளுவது பெரும்பாலும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான். மோதிர விரலை அழுத்துவது இறுக்கிப் பிடிக்கும் வேலைகள்: கவாத்து எடுக்கும் கத்தி, மருந்தடிக்கும் பம்பின் பிடி, சாக்கின் காது, வளைவுகளில் ஜீப்பின் கம்பி. இந்த ஆறு வாரமும் காய் எடுக்கும் பக்கம் அனுப்பும்படி கங்காணியிடம் கேளுங்கள். கத்தி எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள், இறுக்கம் குறையும். ஜீப்பில் இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வேலையில் ஸ்பிளிண்ட் நனைந்து தொல்லையானால் அப்போது கழற்றலாம். இரவில் மட்டும் ஒருநாளும் விடக் கூடாது. இந்தத் தொல்லை வேலையால் மட்டுமே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வந்த பிறகு இறுக்கிப் பிடிப்பது அதை வளர்க்கும்.

இதைவிட உறுதியாகத் தெரிந்த தொடர்பு சர்க்கரை நோயோடு. சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் மாட்டுவது மற்றவர்களைவிட அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களிலும் வரும். நாற்பத்தெட்டு வயது என்கிறீர்கள். இதுவரை சர்க்கரை பார்த்ததே இல்லை என்கிறீர்கள். இந்த வாரமே ஒருமுறை வெறும் வயிற்றில் பார்த்துவிடுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லலாம். இரண்டு கையிலும் பல மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் அது மூட்டுவாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. விரல் முழுக்க வீங்கிச் சிவந்து, சற்று நிமிர்த்தினாலே உயிர் போகிற வலி என்றால் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறு வாரம் கழித்தும் மாட்டினால், அல்லது அதற்கு முன்பே கையால் நிமிர்த்த முடியாமல் போனால், தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போங்கள். வளையத்தின் அருகே ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பாதிப் பேருக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும். சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். அதற்கும் கேட்காவிட்டால் கையை மட்டும் மரக்கச் செய்து, உள்ளங்கையில் சிறிதாகக் கீறி அந்த வளையத்தைத் திறந்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். மற்ற வளையங்கள் அப்படியே இருப்பதால் பிடி வலு போய்விடாது. தையல் பிரித்துக் காயம் ஆறும்வரை சில வாரம் கத்தி பிடிக்க முடியாது. தேதி கேட்பார்கள், காய் எடுப்பு முடிந்த பிறகு வருமாறு சொல்லுங்கள்.

அன்புடன்.