தடிப்பில்லாத அரிப்பு: முதிய தோலும் உள்ளுறுப்புகளும்

தோலில் தடிப்போ கொப்புளமோ இல்லாமல் உடலெங்கும் ஏற்படும் அரிப்பு 6 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனை மருத்துவர்கள் நாட்பட்ட அரிப்பு என வகைப்படுத்துவர். பேராக் மாநிலத்தில் முதியோரைப் பராமரிக்கும் தமிழ்க் குடும்பங்களின் அனுபவத்தில் இது அடிக்கடி எதிர்ப்படும் தொல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாததாலேயே இது பொருட்படுத்தப்படாமல் போகிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் இன்று பிள்ளைகளோடு வாழும் முதியோரில் பலர், சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பேங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். மரம் வெட்டித் திரும்பியதும் பாலின் நாற்றமும் ஒட்டலும் போகச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளிக்கும் பழக்கம், தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின்னும் அவர்களை விட்டுப் போகவில்லை. வீட்டில் வெந்நீர்க் கருவி வந்த பிறகு, குளியல் சூடானதாகவும் மாறிவிட்டது.

ஈரக்காற்று நிறைந்த இந்நாட்டில் தோல் வறளுமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். தோலின் வறட்சியைத் தீர்மானிப்பது வெளிக்காற்று மட்டுமன்று. தோலின் மேற்புற அடுக்கு, இறந்த செல்களும் அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்புப் பொருள்களும் சேர்ந்து, செங்கல்லும் சாந்துமாக எழுப்பிய சுவர்போல் அமைந்தது. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் காப்பது இச்சுவரே. வயது ஏற ஏற அந்தக் கொழுப்பும் எண்ணெய்ச் சுரப்பும் குறைவதோடு, காரத்தன்மையுள்ள சவர்க்காரமும் வெந்நீரும் எஞ்சியிருப்பதையும் கரைத்துவிடுவதால், நீர் கசிந்து வெளியேறி, மேல்தோலில் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள் எளிதில் தூண்டப்படுகின்றன. இரவில் போர்வையின் சூடும், கவனத்தைத் திருப்ப வேறொன்றும் இல்லாத நிலையும் சேர்ந்து அரிப்பை மேலும் கூட்டுகின்றன.

பொதுவாகக் காணப்படும் ஒரு நோய்நிலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எழுபது வயதைக் கடந்த, முன்னாள் தோட்டத் தொழிலாளியான ஒரு பாட்டிக்கு இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. சில மாதங்களாகக் கால், கை, முதுகு எங்கும் அரிப்பு. நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே தோல் மெல்லிய செதில்களோடு, வறண்ட வயல் வெடித்தது போன்ற கோடுகளுடன் இருக்கிறது. தோள்களிலும் இடுப்பிலும் நகக்கீறல்கள் உள்ளன. ஆனால் முதுகின் நடுவில், அவருடைய கை எட்டாத இடத்தில் மட்டும் தோல் தெளிவாக இருக்கிறது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது: தோல்நோய் காரணமாக இருந்தால் பெரும்பாலும் கை எட்டாத இடத்திலும் தடிப்பு இருக்கும், சொறிந்ததால் மட்டும் வந்த தழும்புகள் கை எட்டும் இடத்தோடு நின்றுவிடும்.

இந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது, வறட்சியை முறையாகச் சரிசெய்து இரண்டு வாரம் பார்ப்பதாகும். குளியலை ஐந்து, பத்து நிமிடத்துக்குள் முடித்து, நீரை வெதுவெதுப்பாக மட்டும் வைத்து, சவர்க்காரத்தை அக்குள், கவடு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் நீரில் கலப்பது தோலை மேலும் வறட்டும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள், சில நிமிடங்களிலேயே களிம்பைப் பூச வேண்டும். அளவில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். உடல் முழுவதும் ஒருமுறை பூச ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் தேவைப்படுவதால், மருந்துக் கடையின் சிறு குழாய் ஒன்று ஒரே நாளில் தீர்ந்துவிடும். தினமும் இருமுறை பூசினால் வாரத்துக்கு 300 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஆகவே டப்பாவில் வரும் வெள்ளைப் பாரஃபின் களிம்போ அதையொத்த ஈரப்பதக் களிம்போ பொருத்தமானது. ‘அக்குவஸ் கிரீம்’ எனப்படும் வெள்ளைக் களிம்பைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். ஆனால் அதன் சில தயாரிப்புகளில் நுரைப்பொருள் கலந்திருப்பதால், பூசி அப்படியே விட்டுவிட்டால் சிலருக்கு எரிச்சலும் வறட்சியும் கூடும். தேங்காய் எண்ணெய் தோலின் வறட்சியைக் குறைக்கிறது என்பது பிலிப்பீன்சில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்விலும் தெரிந்தது. களிம்பு வாங்க இயலாதோர் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். எண்ணெய்க் குளியலில் கெடுதல் செய்வது பெரும்பாலும் எண்ணெயன்று, அதைப் போக்கத் தேய்க்கும் சீயக்காயும் சவர்க்காரமுமே. களிம்பும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், சாமி விளக்கின் அருகே கவனம் தேவை. பூசிய பாதத்தோடு குளியலறைக்குள் நடப்பதும் ஆபத்து.

கோடாலித் தைலம் போன்ற மென்தால் தைலங்கள் குளிர்ச்சி தந்து சிறிது நேரம் அரிப்பை மறக்கச் செய்யும். ஆனால் கீறல்பட்ட தோலில் அவை எரியும். கிளினிக்குகளில் அரிப்புக்குத் தரப்படும் சிறு மஞ்சள் மாத்திரையான குளோர்பெனிரமின் இதைவிடக் கவலைக்குரியது. வறட்சியாலும் உள்ளுறுப்பு நோய்களாலும் வரும் அரிப்பில் அது எதிர்க்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கில்லை; தூக்கம் வருவதால்தான் நோயாளிக்குச் சற்றே ஓய்வு கிடைக்கிறது. அத்தூக்கத்தோடு தள்ளாட்டமும் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரக்கூடும். இரவில் கழிவறைக்கு எழும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அரிப்பைவிடப் பெரிய துன்பமாக முடியும்.

எடுத்துக்காட்டில் வரும் பாட்டிக்கு இரண்டு வாரத்தில் கால்களின் அரிப்பு அடங்கியது. முதுகிலும் வயிற்றிலும் இரவு அரிப்பு நீடித்தது. இங்கேதான் இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்: இரத்த அணுக்கள், இரும்புச் சத்து, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை ஆகியவை அரசு சுகாதாரக் கிளினிக்கின் வழியாகவே பெரும்பாலும் பார்க்கப்படக்கூடியவை. இவருடைய சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 18 மில்லிலிட்டராகக் குறைந்திருந்தது. நீண்டகால இனிப்பு நீர் மெதுவாகச் செய்த சேதம் அரிப்பின் வழியே வெளிப்பட்டது. சிறுநீரக அரிப்பு தடிப்பின்றி, பெரும்பாலும் முதுகிலும், இரவில் கூடுதலாகவும் வரும். அதற்குக் கபாபென்டின் என்ற நரம்பு மருந்து பயன்படும். ஆனால் செயலிழந்து வரும் சிறுநீரகம் அதை வெளியேற்றத் தவறுவதால், மிகக் குறைந்த அளவில் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே தொடங்க வேண்டும்.

பித்தநீர் அடைபட்டால் உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பு கூடும். இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும், மார்பின் வகை வலி மருந்துகளும் அரிப்பைத் தரலாம். மருந்து தொடங்கிய தேதியையும் அரிப்பு தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டால் இது தெரியவரும். வீட்டில் வேறொருவருக்கும், குறிப்பாக அவரைக் குளிப்பாட்டுபவருக்கும், இரவில் அரித்தால் சிரங்குப் பூச்சியை ஐயுற வேண்டும். முதியோரிடம் அது மிகக் குறைந்த அடையாளத்தோடு இருக்கலாம் என்பதால் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் உற்றுப் பார்க்க வேண்டும். இனிக் கொப்புளமாக வெடிக்கவிருக்கும் ஒருவகை முதுமைத் தோல்நோயும் பல மாதங்கள் வெறும் அரிப்பாகவே இருக்கக்கூடும். ஆகவே எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் அரிப்பு தணியாவிட்டால், ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பதே முறை.

கண் மஞ்சளாதல், மலம் வெளுத்துப் போதல், சிறுநீர் கருத்தல், காரணமின்றி எடை குறைதல், இரவில் உடை நனையும் அளவு வியர்த்தல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்படுதல் ஆகியவற்றுள் ஒன்று அரிப்போடு சேர்ந்திருந்தாலும், இரண்டு வாரக் களிம்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செல்லும்போது முதியவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.