சாத்திரம் கேட்கப் போகுமுன் சில குறிப்புகள்

ஆலயத்தில் நாள் பார்க்கவும் பொருத்தம் பார்க்கவும் வருபவர்கள் பலர், முதன்முறையாகச் சாத்திரியாரிடம் போகும்போது எதைக் கொண்டு போவது என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் சாத்திரம் படித்தவன் அல்லன். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பதிவேடுகளோடும் திகதிகளோடும் காலத்தைக் கழித்த ஓர் எழுதுவினைஞன். ஆயினும் சாதகத்தில் நேரும் பிழைகளிற் பெரும்பாலானவை சாத்திரப் பிழைகள் அல்ல, எழுதுவினைப் பிழைகளே என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலிற் பிறந்த நேரம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டு போனாற் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலே திகதியும் இடமும் இருக்குமேயன்றி நேரம் இராது. நேரத்தை ஆஸ்பத்திரித் துண்டிலோ, தகப்பனார் பழைய கொப்பியில் எழுதிவைத்த வரியிலோ, தாயாரின் ஞாபகத்திலோதான் தேடவேண்டும். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் நேரத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள். "ஆஸ்பத்திரித் துண்டுப்படி 7.05" என்பதும் "அம்மா சொன்னபடி ஏழு மணி போல" என்பதும் ஒரே பெறுமதி உடையவை அல்ல. நள்ளிரவுக்குப் பின் பிறந்தவர்கள் இன்னும் அவதானமாக இருக்கவேண்டும். பஞ்சாங்கக் கணக்கிலே சூரிய உதயம் வரை முதல்நாட் கிழமையே நடக்கும். ஆகவே வெள்ளி இரவு இரண்டு மணி என்று வீட்டார் சொல்வது ஆங்கிலத் திகதிக்குச் சனிக்கிழமையாகிவிடும். "வெள்ளி முடிந்து சனி விடிய முன் 2 மணி" என்று திகதியோடு எழுதினாற் குழப்பம் இல்லை.

அடுத்தது நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். 1996 மே 25 அன்று இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுக்கப்பட்டன. மிகுதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை நின்றது. இதைத்தான் நாங்கள் புதுநேரம், பழைய நேரம் என்று சொல்லிக்கொண்டோம். அக்காலத்தில் வன்னியில் அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளிற் பழைய நேரமே நடந்தது. யாழ்ப்பாணத்திலும் புதுநேரத்துக்கு மாற்றாத சுவர் மணிக்கூடுகள் பல வீடுகளில் இருந்தன. எனவே அந்தப் பத்து வருடங்களுக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு நேரத்தை மட்டும் எழுதினாற் போதாது, எந்த மணிக்கூட்டின் நேரம் என்றும் எழுதவேண்டும். இன்று கலியாணம் பேசப்படுபவர்களில் அனேகர் அந்தப் பத்து வருடத்துப் பிள்ளைகள் தானே! யுத்தகாலமாகிய 1942 ஜனவரி முதல் 1945 ஒக்டோபர் வரையும் இப்படி மாற்றம் இருந்தது. முதியவர்களின் பழைய குறிப்புகளைப் பார்க்கும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

அரை மணித்தியாலம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கையின் மகள் பிறந்தது 1998 ஜூலை 11, சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில். ஆஸ்பத்திரித் துண்டில் மாலை 7.05 என்று இருந்தது. குறிப்பு எழுதியவர் அதை அப்படியே கணித்து மகர லக்கினம் என்று எழுதினார். செவ்வாய் மிதுனத்தில் நின்றது. மகரத்திலிருந்து எண்ணினால் அது ஆறாம் இடம், ஆகவே செவ்வாய் தோஷம் இல்லை என்று சொல்லப்பட்டது. 2022இல் ஒரு நல்ல இடத்துச் சம்பந்தம் வந்தது. பொடியனுக்குச் செவ்வாய் தோஷம் என்றபடியால் பிள்ளையின் குறிப்போடு பொருந்தாது என்று மறுத்துவிட்டோம்.

அடுத்த வருடம் வேறொரு சாத்திரியாரிடம் போனோம். அவர் பலன் ஒன்றும் சொல்லமுன், "இது புதுநேரமோ பழைய நேரமோ?" என்று கேட்டார். பிறகு தங்கையிடம், "பிள்ளை பிறக்கேக்க வெளிச்சம் இருந்ததோ, இருட்டிவிட்டதோ?" என்றார். "பொழுது படுகிற நேரம், அப்பதான் லைற் போட்டவை" என்றாள் தங்கை. அவர் பஞ்சாங்கத்தில் அன்றைய அஸ்தமனத்தை எடுத்துக் காட்டினார். பழைய நேரப்படி மாலை 6.35 அளவில் வருகிறது. புதுநேரத்தில் அதுவே 7.05. ஆகத் துண்டில் இருந்தது புதுநேரம், அரை மணித்தியாலம் கழித்தே கணித்திருக்கவேண்டும்.

இதிலே நாமும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. சூரியன் உதிக்கும்போது அது நிற்கும் இராசியே லக்கினம், அஸ்தமிக்கும்போது அதற்கு ஏழாம் இராசி லக்கினம். ஆனியிலே சூரியன் மிதுனத்தில். ஆகவே பொழுது படும்போது லக்கினம் தனு. மாதக் கடைசி என்றபடியால் தனுவும் முடியும் தறுவாயில் இருந்தது. அரை மணித்தியாலம் கூட்டிக் கணித்ததும் மகரத்துக்குப் பாய்ந்துவிட்டது. தனுவிலிருந்து மிதுனம் ஏழாம் இடம், செவ்வாய் தோஷம் உண்டு. நாங்கள் மறுத்த சம்பந்தம் செவ்வாய்க்குச் செவ்வாய் பொருந்தியிருக்கும். அதற்குள் அந்தப் பொடியனுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது.

லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். நட்சத்திரம் மாற ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். அதனால் அரை மணிப் பிழை நட்சத்திரத்திலே பெரும்பாலும் தெரியவராது. பிள்ளைக்குத் திருவோணம் என்பது இரண்டு கணிப்பிலும் ஒன்றுதான். ஆலயத்தில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லிப் பழகிய நாங்கள், குறிப்பும் சரியாகத்தான் இருக்கும் என்று இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டோம்.

சாத்திரியாரின் நேர்மையை அறியவும் இந்த நேர விசாரணையே முதல் அளவுகோல். சோதிடம் பலிக்குமா என்பதை நாம் அளக்க முடியாது. கணக்கை எப்படிச் செய்தார் என்பதைக் கேட்கலாம். நேரத்தைப் பற்றி ஒன்றும் கேளாமற் பலன் சொல்லத் தொடங்குபவரிடம் அவதானமாய் இருங்கள். எந்தப் பஞ்சாங்கம் பாவிக்கிறார், வாக்கியமா திருக்கணிதமா என்றும் கேளுங்கள். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சனி கும்பத்துக்கு மாறியது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20. நேர்மையானவர் தாம் எதைக் கொள்கிறார் என்று சொல்வார், மற்றதிலே வேறாக வரும் என்றும் ஒப்புக்கொள்வார். நான் சொன்ன சாத்திரியார், சூரியனோடு கூடிய செவ்வாய்க்குத் தோஷம் குறையும் என்று சிலர் கொள்வதையும், தாம் அப்படிக் கொள்வதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

போகும்போது உங்கள் கவலையை முதலில் அவிழ்த்து வைக்காதீர்கள். பிறப்பு விபரத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். "வீட்டில் ஒரு மனக்கவலை இருக்கிறது" என்பது சாத்திரியார் வாசலுக்கு வரும் எவருக்கும் பொருந்தும். அதற்கு நீங்கள் தலையாட்டி, "ஓம், தம்பியின் விஷயம்" என்று சொன்னால் அடுத்த பலனை நீங்களே எடுத்துக் கொடுத்தவர் ஆவீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதுபோலவே இருக்கும். ஆகையால் ஒரு கொப்பியில் அவர் சொன்னதை ஒரு பக்கமும் நீங்கள் சொன்னதை மறுபக்கமும் எழுதுங்கள். ஆண்டு, மாதம் குறித்துச் சொன்னவற்றுக்குக் கீழே கோடிட்டு வையுங்கள். தவணை வந்தபின் எடுத்துப் பார்க்க அவை உதவும்.

தட்சணை எவ்வளவு என்று முதலே கேட்பதில் வெட்கம் இல்லை. பயப்படுத்திவிட்டு, தாமே செய்து தருவதாகப் பெருந்தொகைக்குச் சாந்தி சொல்பவரிடம், "எங்கள் கோயிலில் எங்கள் ஐயரைக் கொண்டு செய்யலாமோ?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். மரணத்துக்குத் திகதி சொல்பவரையும், வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவரையும் விட்டு அப்போதே எழுந்து வந்துவிடவேண்டும்.

நேரம் தெரியாதவர்கள் ஊகித்து ஒரு நேரத்தை எழுதவேண்டாம். "காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில்" என்று உள்ளபடி எழுதுங்கள். அதைப் பார்த்து, "இதிலே லக்கினம் எடுக்க ஏலாது, நட்சத்திரத்தைக் கொண்டு சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்" என்பவர் கிடைத்தால், அடுத்த முறையும் அவரிடமே போகலாம்.