பொய்ச் செய்திக்கு மறுப்பு எழுதுதல்

1897ஆம் ஆண்டு. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் அப்போது இலண்டனில் வாழ்ந்துவந்தார். அவர் கடும் நோயுற்றார் என்றும், இறந்தே போனார் என்றும் அமெரிக்காவில் செய்தி பரவியது. செய்தியாளர் ஒருவர் உண்மையறிய அவரை நாடினார். ட்வெயின் சினம் கொள்ளவில்லை; சில வரிகளில் மறுப்பு எழுதிக் கொடுத்தார். தம் உறவினர் ஒருவர் இலண்டனில் நோயுற்றிருந்து இப்போது நலமடைந்துவிட்டார். அதிலிருந்தே தம்மைப் பற்றிய செய்தி கிளம்பியது. தாம் இறந்ததாகக் கூறுவது மிகைப்படுத்தல் என்பதே அதன் கருத்து.

ட்வெயினின் இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். நோயுற்ற உறவினரின் குடும்பப் பெயரும் கிளெமென்ஸ். வதந்திக்குள் ஒரு சிறு உண்மை இருந்தது. அதை அவர் மறைக்காமல் எடுத்துக் காட்டியதால், பிழை எங்கே நேர்ந்தது என்பது படிப்பவருக்குத் தானே விளங்கியது.

இம்முறையை நம் சூழலில் பொருத்திப் பார்ப்போம். பெங்களூரு மாணவி ஒருவர், விசுவேசுவரய்யா அருங்காட்சியகச் சுற்றுலாவுக்காக 32 பேரிடம் தலைக்கு 150 ரூபாய் திரட்டினார் எனக் கொள்வோம். மழையால் சுற்றுலா தள்ளிப்போனது. பணத்தை அவரே செலவழித்துவிட்டதாக வதந்தி எழுந்தது. அவர் வகுப்புக் குழுவுக்கு எழுதிய முதல் வரைவு இது:

“நான் திருடி இல்லை! இதைக் கிளப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். என் மீது பொறாமை கொண்டவர்களே இப்படிப் பேசுகிறார்கள். இனி யாருக்கும் உதவ மாட்டேன்!”

இதில் மூன்று குறைகள் உள்ளன. ‘திருடி’ என்ற சொல்லே முதலில் மனத்தில் பதிகிறது. வதந்தியை அறியாதவரும் அதை அறிந்துகொள்கிறார். பெயர் கூறாத குற்றச்சாட்டு புதிய சண்டையை மூட்டுகிறது. எல்லாவற்றினும் மேலாக, பணம் எங்கே என்ற கேள்விக்கு விடையில்லை.

திருத்திய வடிவம்:

“சுற்றுலாவுக்காகத் திரட்டிய 4,800 ரூபாயையும் ஜூலை 8 அன்று வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்தேன். பற்றுச்சீட்டு என்னிடம் உள்ளது, விரும்புவோர் பார்க்கலாம். சுற்றுலா தள்ளிப்போனதால் பணம் இன்னும் திருப்பித் தரப்படவில்லை என்பது உண்மை. புதிய நாளை ஆசிரியர் அறிவிப்பார்.”

முதல் வரியிலேயே தொகை, நாள், பெற்றவர் ஆகிய மூன்றும் வந்துவிட்டன. சரிபார்க்க வழியும் கூறப்பட்டது. பணம் திரும்பவில்லை என்ற உண்மையை அவர் ஒப்புக்கொள்கிறார். அதை விட்டிருந்தால், பணம் கைக்கு வராத ஒருவர் உடனே மறுகேள்வி எழுப்புவார். மறுப்பு முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும்.

பயிற்சி

1. முதல் வரைவில் சரிபார்க்கத்தக்க செய்தி ஏதேனும் உண்டா? ஆராய்க.
2. “நூலகப் புத்தகத்தைக் கிழித்தவர் இவரே” என்று ஒருவரைப் பற்றி வதந்தி பரவுகிறது. புத்தகம் அவர் கைக்கு வரும்போதே கிழிந்திருந்தது. அதை நூலகர் அன்றே பதிவேட்டில் குறித்துள்ளார். அவர் எழுதுவதுபோல் நான்கு தொடர்களில் மறுப்பு எழுதுக. ‘கிழித்தவர்’ என்ற சொல் இடம்பெறலாகாது.
3. உம் மறுப்பில் வதந்திக்குள் இருந்த உண்மையைக் கூறும் தொடரை அடிக்கோடிடுக.