பாக்கும் பாகும்
(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

தனக்குத் தெரிந்ததைத் தன்னைவிட இளையவருக்குக் கற்பிப்பது எளிது போலத் தோன்றும். ஆயினும், எதைக் கற்பிப்பது, எந்தச் சொல்லை எடுத்துக்காட்டாகத் தருவது, புரிந்ததா என்பதை எவ்வாறு அறிவது ஆகிய மூன்றையும் முன்னரே எண்ணிக்கொள்ளாவிடில் அந்த உழைப்பு வீணாகும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்குத் தமிழ் வாசிப்பைக் கற்பித்த முறையை இப்பாடம் விளக்குகிறது.

மணலில் எழுதிய சிறுவர்

மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோரைப் பயிற்றுவித்தான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். ஆனால், அங்கிருந்த ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. எனவே, ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதைத் திறம்பட நடத்தினான். 1797இல் பெல் இதுபற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது பிற நாடுகளிலும் பரவியது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கற்பிக்கும் மாணவன் தான் அறிந்ததை மட்டுமே தர இயலும்; பிழையாக அறிந்திருந்தால் பிழையையே தருவான். ஆகவே, இளையவருக்குக் கற்பிக்கும் முன் தன் திட்டத்தை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். இனி வரும் நிகழ்வில் அந்த மாணவியும் அவ்வாறே செய்தாள்.

சாந்திபுரத்துச் சிறுவன்

சித்தூர் மாவட்டத்தில், குப்பத்திற்கு அருகில் உள்ளது சாந்திபுரம். ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கும் பகுதி அது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் வளர்ந்தான் அச்சிறுவன். வீட்டில் தமிழ் பேசினான். முதலில் கற்ற எழுத்தோ தெலுங்கு.

ஒருநாள் காலை வழிபாட்டில் அவன் ஒரு கதையை வாசித்தான். “அரசனின் மகள் வந்தாள்” என்னும் தொடர் அவன் வாயில் “அரசனின் மக்கள் வந்தாள்” என்பது போல ஒலித்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டனர். அன்றுமுதல் அவன் உரக்க வாசிக்க மறுத்தான். ‘வாசிக்கத் தெரியாதவன்’ என்று வகுப்பில் பேச்சு எழுந்தது. தமிழாசிரியர் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்து, அவனுக்கு நாள்தோறும் அரைமணி நேரம் உதவுமாறு கூறினார்.

முதல் படி: இடறும் இடத்தைக் காணல்

மாணவி உடனே பாடத்தைத் தொடங்கவில்லை. அவன் எங்கே இடறுகிறான் என்பதை அறிய விரும்பினாள். ககரம் வரும் பன்னிரண்டு சொற்களை நான்கு வரிசைகளாக எழுதினாள்.

1. கல், கால், கிளி
2. அக்கா, பக்கம், மூக்கு
3. தங்கை, பங்கு, மாங்காய்
4. மகள், பகல், பாகு

இச்சொற்களில் ககரத்தைத் தவிர வேறு கடினம் எதுவும் இல்லாதவாறு பார்த்துக்கொண்டாள். முதலில் ‘காது’ என்றும் எழுதியிருந்தாள். அதில் தகரமும் இடறக்கூடும். பிழை எதனால் வந்தது என்று தெரியாமற் போகும் என எண்ணி அதை நீக்கினாள்.

சிறுவன் வாசித்தான். அவள் திருத்தவில்லை, குறித்துக்கொள்ள மட்டுமே செய்தாள். முதல் இரண்டு வரிசைகளில் ஆறு சொற்களும் சரி. அடுத்த இரண்டு வரிசைகளில் ஆறும் பிழை. எல்லா இடங்களிலும் ககரத்தைக் ‘கல்’லில் ஒலிப்பது போலவே அவன் வன்மையாக ஒலித்தான்.

அவன் வாசிக்கத் தெரியாதவன் அல்லன் என்பது அப்போது விளங்கியது. தெலுங்கில் ககர வரிசையில் நான்கு எழுத்துகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. தமிழிலோ எழுத்து ஒன்று. நிற்கும் இடத்திற்கேற்ப ஒலி மாறும். ‘ஓர் எழுத்து, ஓர் ஒலி’ என்னும் தெலுங்குப் பழக்கத்தைத் தமிழிலும் அவன் பின்பற்றினான். அவன் பிழையில் ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கே பாடத்தின் தொடக்கம் ஆயிற்று.

இரண்டாம் படி: எடுத்துக்காட்டைத் தெரிதல்

மாணவி முதலில் ‘அக்கம், அங்கம், அகம்’ என்னும் மூன்று சொற்களைத் தெரிந்தெடுத்தாள். மூன்றும் நடுவில் மட்டுமே வேறுபடுகின்றன. ஆசிரியர் அவற்றைப் பார்த்து, “இவற்றைத் தம்பி வீட்டில் கேட்டிருப்பானா?” என்று வினவினார். அவள் சிந்தித்தாள். எழுத்தை நோக்க அம்மூன்றும் சிறந்தவை. ஆனால் சிறுவனின் செவிக்கு அவை புதியவை. சொல்லின் பொருளையும் ஒலியையும் ஒருங்கே கற்க நேர்ந்தால் அவன் மேலும் தளர்வான். எனவே, அவற்றை விடுத்து வீட்டில் புழங்கும் ‘மாங்காய், பாக்கு, பாகு’ ஆகியவற்றைக் கொண்டாள்.

மறுநாள் அவள் ஒரு மாங்காயைக் காட்டினாள்.

“தம்பி, இது என்ன?”

“மாங்காய், அக்கா!”

அவன் சரியாகவே சொன்னான். பிறகு அதே சொல் எழுதிய அட்டையைக் காட்டியபோது வன்மையாக வாசித்தான்.

“இப்போது நீ வாசித்ததும் சற்றுமுன் சொன்னதும் ஒன்றா?”

சிறுவன் இரண்டையும் சொல்லிப் பார்த்தான். வேறுபாடு அவன் செவிக்கே எட்டியது. அவன் வாய்க்குச் சரியான ஒலி முன்பே தெரியும், கண்ணுக்கே தெரியவில்லை.

பின்னர் அவள் பாக்கு, பாகு என்னும் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தாள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு அவற்றைச் சொல்லச் செய்தாள். ‘பாக்கு’ என்னும்போது தொண்டையின் அதிர்வு நடுவில் ஒரு நொடி நின்றது. ‘பாகு’ என்னும்போது நிற்கவில்லை. வெல்லப் பாகைச் சுவைத்த சிறுவனுக்கு எது பாகு, எது பாக்கு என்பதில் ஐயமே எழவில்லை.

மூன்றாம் படி: இடையிடையே சோதித்தல்

“புரிந்ததா?” என்று மாணவி கேட்டாள். சிறுவன் தலையசைத்தான். இளையவர் பெரும்பாலும் இவ்வினாவிற்குத் தலையசைப்பர். ‘இல்லை’ என்று சொல்லக் கூச்சம் தடுக்கும். ஆகையால் அவள் வேறு வகையில் கேட்டாள்.

“நீ எனக்குச் சொல்லிக்கொடு. க எப்போது தளர்ந்து ஒலிக்கும்?”

“சொல்லின் நடுவில் வந்தால், அக்கா.”

“அப்படியானால் இதை வாசி” என்று ‘கொக்கு’ என எழுதிய அட்டையை நீட்டினாள். சிறுவன் நடுவில் இருந்த ககரத்தைத் தளர்த்தி வாசித்தான். முதல் நாளில் ‘அக்கா’, ‘மூக்கு’ ஆகியவற்றைச் சரியாக வாசித்தவன் இப்போது அவ்வகைச் சொல்லிலேயே தவறினான். அவன் தானே வகுத்துக்கொண்ட விதி பாதி சரி, பாதி பிழை. தலையசைப்போடு நிறுத்தியிருந்தால் இது வெளிப்பட்டிராது.

அவள் கடிந்துகொள்ளவில்லை, விதியை உடனே எடுத்துரைக்கவும் இல்லை. மீண்டும் பாக்கு, பாகு அட்டைகளை வைத்து, “இரண்டிலும் க நடுவில்தான் உள்ளது. பின் ஏன் ஒலி வேறு?” என்று கேட்டாள். சிறுவன் நெடுநேரம் பார்த்தான். “இங்கே முன்னால் ஒரு க் நிற்கிறது” என்றான். பிறகு தானே தொடர்ந்து மூன்று வரிகளைச் சொன்னான். அவள் அவற்றை எழுதிவைத்தாள்.

• சொல்லின் முதலில் க வந்தால் வன்மையாக ஒலிக்கும்: கல்.
• முன்னால் க் நின்றால் வன்மையாக ஒலிக்கும்: பாக்கு.
• முன்னால் ங் நின்றாலும், இரண்டு உயிரொலிகளுக்கு இடையில் தனித்து வந்தாலும் தளர்ந்து ஒலிக்கும்: மாங்காய், பாகு.

விதியை அறிந்தானா, சொற்களை மனப்பாடம் செய்தானா என்பதையும் அறிய வேண்டும். அதற்காக அவள் பொருளே இல்லாத மூன்று சொற்களைப் புனைந்தாள்: மெகல், மெக்கல், மெங்கல். இவற்றை அவன் முன்பு கேட்டிருக்க இயலாது. சிறுவன் சிரித்துக்கொண்டே மூன்றையும் சரியாக வாசித்தான்.

நான்காம் படி: மீண்டும் காணல்

ஒரே நாளில் சரியாகச் செய்வது நிலைத்த அறிவாகாது. மூன்று நாள் கழித்து, முன்னறிவிப்பு இன்றி, முதல் நாளின் பன்னிரண்டு சொற்களையே மாணவி மீண்டும் கொடுத்தாள். பதினொன்று சரி. ‘மகள்’ என்னும் சொல்லில் மட்டும் அவன் நின்றான். சிரிப்பொலி கேட்ட சொல் அது. அவள் காத்திருந்தாள். அவன் விரலைத் தொண்டையில் வைத்துப் பார்த்துவிட்டு மெல்லச் சரியாக வாசித்தான்.

விதிக்கு விலக்கும் உண்டு. ‘குரு’, ‘கீதை’ போன்ற வடசொற்களில் முதலெழுத்தும் தளர்ந்து ஒலிக்கும். சகரத்தின் போக்கு சற்று வேறானது: அச்சு, பஞ்சு, பசு ஆகிய மூன்றிலும் அது மூன்று விதமாக ஒலிக்கும். இவற்றை அவள் அந்த வாரம் தொடவில்லை. டகரத்தையும் தகரத்தையும் அடுத்த வாரத்திற்கு வைத்துக்கொண்டாள். பட்டம், பண்டம், படம். வித்தை, விந்தை, விதை என்று அட்டைகளும் எழுதிவிட்டாள். முதல் அட்டையைக் கண்டதும் சிறுவன், “அக்கா, நான் முதலில் சொல்லிப் பார்க்கிறேன், நீங்கள் பிறகு சொல்லுங்கள்” என்றான்.

சொற்பொருள்

சட்டாம்பிள்ளை – வகுப்பில் பிறரைக் கண்காணித்துப் பயிற்றும் மூத்த மாணவன்
இடறுதல் – தடுமாறுதல்
வன்மை – வலிமை
பாகு – வெல்லத்தைக் காய்ச்சிய குழம்பு
விந்தை – வியப்பு

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘காது’ என்னும் சொல்லை மாணவி ஏன் நீக்கினாள்?
2. “புரிந்ததா?” என்னும் வினா ஏன் போதவில்லை?
3. பொருளற்ற சொற்களால் அவள் எதைச் சோதித்தாள்?

ஆ) உரக்க வாசித்து, ககரம் வன்மையாக ஒலிப்பவை, தளர்ந்து ஒலிப்பவை என இரண்டாகப் பிரிக்க.
நகம், கொக்கு, சங்கு, கடல், அகல், தங்கம், பக்கம், முகம்

இ) செய்து பார்க்க.
உங்கள் பள்ளியில் பந்து, பத்து, பதில் ஆகிய சொற்களில் தடுமாறும் இளையவர் ஒருவருக்குக் கற்பிக்க அரைமணி நேரத் திட்டம் ஒன்று எழுதுக. அதில் (1) முதலில் வாசிக்கத் தரும் ஒன்பது சொற்கள், (2) அவர் வீட்டில் கேட்டறிந்த இரண்டு எடுத்துக்காட்டுகள், (3) நீங்களே புனைந்த மூன்று சொற்கள் ஆகியன இடம்பெறுக. கற்பிக்கும் முன் ஆசிரியரிடம் காட்டுக.