ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது?



எங்கள் குழு நடத்தும் உணவகத்தில் ஒரு மாதம் எண்ணெய்ச் செலவு கூடிப்போனது. "சமையல்கட்டுல யாரோ எடுக்கிறாங்க" என்று பேச்சு கிளம்பியது. காலை வேலை பார்க்கும் ஒரு சகோதரி மேல் பழி விழ, அவர் குழுவை விட்டே விலகுகிறேன் என்றார். முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

வரிசை எண் அச்சிட்ட சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினோம். பொருள், அளவு, தேதி எழுதி, கேட்பவரும் கொடுப்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். கார்பன் நகல் ஸ்டோரில் இருக்கும். தப்பாக எழுதினால் கிழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு அப்படியே வைக்க வேண்டும். ஓர் எண் காணவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் எண்ணினோம். ஸ்டோர் பார்க்காத இரண்டு பேர், காலையில் பொருள் கொடுப்பதற்கு முன், ஸ்டோர் பொறுப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினார்கள். நோட்டில் உள்ள இருப்பை முதலில் பார்க்கவில்லை. பார்த்தால் கண் அந்த எண்ணையே தேடும்.

வாரத் தொடக்கத்தில் இருந்த எண்ணெய் 24 பாக்கெட். வாங்கியது 30. மொத்தம் 54. சீட்டுப்படி கொடுத்தது 41. மீதி 13 இருக்க வேண்டும், இருந்தது 10. சீட்டு எண் எதுவும் விட்டுப்போகவில்லை. அப்படியானால் 3 பாக்கெட் சீட்டே இல்லாமல் வெளியே போயிருக்கிறது.

எப்படி? பொறுப்பாளர் மாலை 5 மணிக்கு வீட்டுக்குப் போகும்போது சாவி சமையல்கட்டு ஆணியில் தொங்கும். விசாரித்ததில், "பஜ்ஜிக்கு எண்ணெய் பத்தல, நாளைக்கு எழுதிக்கலாம்னு எடுத்தோம்" என்று 2 பாக்கெட்டுக்குப் பதில் வந்தது. ஒன்றுக்குப் பதில் இல்லை. காலையில் மட்டும் வேலை பார்த்து, வாங்கிய ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்ட சகோதரியைச் சந்தேகிக்க எதுவும் இல்லை. எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தோம்.

இப்போது சாவி பொறுப்பாளரிடம் மட்டும். மாற்றுச் சாவி, ஒட்டிய கவரில், மூடியின் மேல் இரண்டு பேர் கையெழுத்தோடு தலைவியின் பெட்டியில் இருக்கிறது. பிரித்தால் தெரியும். காலை 6 மணிக்கும் மாலை 3 மணிக்கும்தான் பொருள் கொடுப்போம். மாலைக்கு வேண்டியதை 3 மணிக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் சீட்டு.

அடுத்த எண்ணிக்கையில் எண்ணெய் சரியாக இருந்தது. உளுந்து 2 கிலோ குறைந்தது. பூட்டைத் தாண்டி எப்படி? மூட்டையை எடை போடாமலே பில்லில் உள்ளதை நோட்டில் ஏற்றியிருந்தோம். அடுத்து வந்த மூட்டையைத் தராசில் வைத்தால் 1 கிலோ குறைவு! இப்போது எடை போட்டுத்தான் உள்ளே விடுகிறோம்.

மாதம் இரண்டு முறை, சீட்டுக் குலுக்கி வரும் நாளில், எண்ணெய், நெய், முந்திரி, உளுந்து, துவரம்பருப்பு ஐந்தை மட்டும் எண்ணுகிறோம். அரைமணி நேரம் போதும். ஸ்டோரை விட்டுச் சமையல்கட்டுக்குப் போன பொருள் அங்கிருந்து போனால் இந்த எண்ணிக்கை காட்டாது. அதற்கு, கொடுத்த மாவுக்கு எத்தனை இட்லி வந்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.