நூல்கடைக்குப் போகும் முன்

திருப்பூர்
5.1.2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா போனில் எல்லாம் சொன்னாள். கொல்கத்தா பார்ட்டி ஆறு லட்சத்தை இழுத்தடிக்கிறான், நூல்கடைக்கு எட்டு லட்சத்து நாற்பதாயிரம் பாக்கி நிற்கிறது, நீ ரெண்டு நாளாக அந்தக் கடைத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறாய் என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கவலை. பாக்கி எல்லாக் கம்பெனிக்கும் வரும். தெருவைச் சுற்றிப் போகிற ஆளைத்தான் நூல்கடைக்காரர்கள் தேட ஆரம்பிப்பார்கள். நான் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், அதனால் சொல்கிறேன்.

உன் மூன்று பில்லையும் அக்கா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நவம்பர் 25-ம் தேதி பில் 3,10,000, டிசம்பர் 6-ம் தேதி பில் 2,90,000, டிசம்பர் 18-ம் தேதி பில் 2,40,000. நாற்பத்தைந்து நாள் கெடு. முதல் பில் இந்த வெள்ளிக்கிழமை, 9-ம் தேதி முடிகிறது. அடுத்தது 20-ம் தேதி, மூன்றாவது பிப்ரவரி 1. அதாவது இன்றைக்கு நீ ஒரு ரூபாய்கூடத் தவணை தவறியவன் இல்லை. வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் அதே ஆள், அதே பாக்கி, ஆனால் நீ கேட்கிற இடம் மாறிவிடும். கெடுவுக்கு முன்னால் போய்க் கேட்பவன் ஏற்பாடு கேட்கிறான். கெடு முடிந்து கடைப் பையன் வந்து நின்ற பிறகு வாய் திறப்பவன் சாக்கு சொல்கிறான். புதன்கிழமையே போய்விடு. சனிக்கிழமை வேண்டாம். அன்றைக்கு ஊரே சம்பளப் பணத்துக்கு அலையும், அவரும் வசூலில் இருப்பார், காது கொடுக்க மாட்டார்.

போவதற்கு முன் அவர் கடை லெட்ஜர் காப்பி ஒன்று வாங்கி உன் கணக்கோடு ஒத்துப் பார். எங்காவது ரேட் வித்தியாசமோ, கோன் எடைக் குறைவுக்கு அவர் தர வேண்டிய கிரெடிட் நோட்டோ விட்டுப்போயிருந்தால், ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசிக் கழித்துக்கொள். இதுவரை வாய் திறக்காத குறையை அன்றைக்குக் கொண்டு போகாதே. "டிசம்பர் நூலில் துணி கோடு விழுந்தது" என்று தவணை கேட்கிற நாளில் ஆரம்பித்தால், இவன் தராமல் இருக்க வழி தேடுகிறான் என்றுதான் அந்த மனுஷனுக்குப் படும். கோடு உண்மையாகவே விழுந்திருக்கலாம். ஆனாலும் அது அந்த நாளுக்கான பேச்சு இல்லை.

இனி எவ்வளவு தருவதாகச் சொல்வது என்பதற்கு வருவோம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். கூச்சத்தில் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு ரெண்டாம் மாதமே தவறுவார்கள். நீ வாரக் கணக்கில் போடு, ஏனென்றால் உன் செலவே வாரக் கணக்கில்தான் போகிறது. உள்ளூர் பார்ட்டிகளிடமிருந்து நிச்சயமாக வருவது வாரத்துக்கு ரெண்டு லட்சம் என்கிறாயாம். சனிக்கிழமைச் சம்பளம் அறுபதாயிரம். நிட்டிங் கூலியும் சாயக் கூலியும் முப்பது. புது நூல் ஐம்பது. கரண்ட், வாடகை, ஜிஎஸ்டி, வண்டி எல்லாம் இருபது. ஆக 1,60,000 போனால் நாற்பதாயிரம் மிஞ்சும். மாதத்துக்கு 1,60,000. அதை முழுசாகச் சொல்லிவிடாதே. 1,20,000 என்று சொல். மிச்ச நாற்பது, ஒரு வாரம் சாயப்பட்டறையில் துணி தங்கிப் போனாலோ, ஒரு செக் ரெண்டு நாள் தள்ளி வந்தாலோ தாங்குவதற்கு. கொல்கத்தா பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதே. அது வந்தால் வரட்டும். வராத பணத்தை நம்பித் தேதி சொல்வது, அவன் தவணை தவறும்போது நீயும் சேர்ந்து தவறுவதற்கு எழுதிக் கொடுப்பதுதான்.

இதை வைத்துப் பார். வெள்ளிக்கிழமை கெடு முடிகிற அன்றைக்கே ஒரு லட்சம். அதை எப்படியாவது புரட்டு. கையில் ஒன்றுமில்லாமல் தேதி மட்டும் கொண்டு போகிறவனுக்கும், ஒரு லட்சத்தோடு போகிறவனுக்கும் கடையில் மரியாதையே வேறு. பிறகு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நான்கு மாதமும் 10-ம் தேதி 1,20,000. மே 10-ல் மொத்தம் 5,80,000 போயிருக்கும், பாக்கி 2,60,000. அதற்குள் கொல்கத்தாக்காரன் தந்துவிட்டால் அந்த 2,60,000-ஐ அதிலிருந்தே முடித்துவிடுவாய். தராவிட்டால் ஜூனில் 1,20,000, ஜூலையில் 1,40,000. நல்லது நடந்தால் மே, நடக்காவிட்டால் ஜூலை என்று ரெண்டு தேதியையும் அவரிடமே சொல். மோசமான தேதியையும் வாய்விட்டுச் சொல்கிறவனைத்தான் நம்புவார்கள்.

வருகிற ஒவ்வொரு தவணையும் பழைய பில்லுக்கு முதலில் வரவு என்று கேட்டுக்கொள். காரணம் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அந்தப் பில்லில் எடுத்த ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கட்டிய பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் பில்லுக்கு அந்தக் கெடு மே 24. பழையதற்கு முதலில் என்றால் அது மார்ச்சிலேயே முடிந்துவிடும். டிசம்பர் பில்கள் ரெண்டுக்கும் கெடு ஜூன் மாதம். ஜூலை வரை இழுத்தால்தான் இந்தப் பேச்சே வரும். அப்போதும் நூலுக்கு ஐந்து சதவீத வரிதானே, நிற்கிற தொகைக்குச் சில ஆயிரம்தான். ஆடிட்டரிடம் முன்னாலேயே சொல்லி வை. இன்னொன்று, உனக்குத் தருபவர் வியாபாரி. நேராகச் சிறு மில்லில் வாங்கியிருந்தால் கதை வேறு. பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்து, அது மார்ச் 31-ல் நின்றால், அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இதுதான் சட்டம். நீங்கள் ரெண்டு பேரும் பேசித் தவணை நீட்டிக்கொண்டாலும் அந்த 45 நாள் நீளாது. பின்னால் மில்லுக்குப் போனால் ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது முக்கியமான விஷயம். வாரம் ஐம்பதாயிரத்துக்கு நூல் வாங்க வேண்டியிருக்கிறதே, அதை எங்கே வாங்கப் போகிறாய்? பாக்கிக் கடையில் முகம் காட்டக் கூச்சப்பட்டு, பக்கத்துத் தெருவில் ரொக்கம் கொடுத்து எடுப்பார்கள். நூல் ஏஜென்ட் காதுக்கு எட்டாத வியாபாரம் இந்த ஊரில் கிடையாது. தன் பாக்கியை நிறுத்தி வைத்துவிட்டு இன்னொருவனுக்கு ரொக்கம் எண்ணிக் கொடுக்கிறான் என்று தெரிந்த நாளோடு, எவ்வளவு நல்ல மனுஷனும் வக்கீலைப் பார்க்கப் போவார். நீ அவரிடமே வாங்கு, ரொக்கத்துக்கு. கடன் ரேட்டுக்கும் ரொக்க ரேட்டுக்கும் வித்தியாசம் உண்டு, ரொக்க ரேட்டையே கேள், தருவார். பழைய பாக்கி ஒரு கணக்கு, புது ரொக்கம் இன்னொரு கணக்கு என்று பிரித்து எழுதச் சொல். இல்லாவிட்டால் நீ இன்றைய மூட்டைக்குக் கொடுத்த ஐம்பதாயிரத்தைப் பழைய பாக்கியில் வரவு வைத்துவிட்டு மூட்டையை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. மிஷின் நின்றால் தவணையும் நின்றுவிடும் என்பதை அவருக்கே எடுத்துச் சொல்லலாம். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை, கணக்குதான்.

வட்டியைப் பற்றி அவர் கேட்பதற்கு முன் நீயே பேசு. பில்லின் அடியில் பொடி எழுத்தில் தாமத வட்டி போட்டிருப்பார்கள். அவரும் மில்லுக்குக் கெடுவில் கட்டியாக வேண்டும், உன் பாக்கிக்கு அவர் கைப்பணம் போகிறது. தள்ளுபடி கேட்காதே. முதல் முழுதும் முடிந்த பிறகு, குறைந்துவரும் பாக்கிக்கு ஒன்றரை வட்டி வைத்துக் கடைசியில் தீர்த்துவிடுகிறேன் என்று சொல். மே மாதம் முடிந்தால் மேலோட்டமாக முப்பதாயிரத்துச் சொச்சம் வரும். ஒழுங்காகக் கட்டியவனிடம் அதில் பாதியை அவரே விட்டுவிடுவதும் உண்டு. இதைக் கட்டிவிடலாம் என்று மூணு வட்டிக்கோ வாரத் தண்டலுக்கோ எங்கேயும் கை நீட்டிவிடாதே.

செக் கேட்பார். கேட்டால் கொடு, மறுக்காதே. ஆனால் 1,20,000 வீதம் தேதியும் தொகையும் நிரப்பிய செக் மட்டும். வெறும் கையெழுத்துச் செக் ஒன்றுகூட வேண்டாம். கொல்கத்தாவை நம்பிய 2,60,000-க்கு இப்போதே செக் வேண்டாம், அந்தப் பணம் வந்ததும் ஆர்டிஜிஎஸ் என்று சொல். செக் திரும்பினால், பாங்கில் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் உன் கைக்கு வந்து 15 நாளுக்குள் கட்டாவிட்டால் கிரிமினல் கேஸ். ரெண்டு வருஷம் வரை ஜெயிலோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, ரெண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. ஸ்டாப் பேமென்ட் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அதுவும் இதற்குள்தான் வரும். ஒரு மாதம் இடறும் என்று தெரிந்தால், தேதிக்கு மூன்று நாள் முன்னால் அறுபதோ எழுபதோ கொண்டு போய்க் கொடுத்து, செக்கைப் போட வேண்டாம் என்று நேரில் சொல்லி, பழைய செக்கை வாங்கிக்கொண்டு வா.

கடையில் உட்கார்ந்ததும் கொல்கத்தாக்காரன் கதையில் ஆரம்பிக்காதே. அது ரெண்டு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. "அண்ணா, வெள்ளிக்கிழமை முதல் பில் முடியுது. முழுசாத் தர முடியல. அன்னிக்கு ஒரு லட்சம் தர்றேன். மிச்சத்துக்கு இந்தத் தாளப் பாருங்க" என்று சொல்லித் தவணைத் தேதிகளை எழுதிய தாளை நீட்டு. பிறகு பேசாமல் இரு. அவர் தாளைப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம், ஆனால் இரு. திட்டினாலும் கேட்டுக்கொள். மாதம் ஒன்றரை லட்சம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதே, கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்ட தைரியத்தில் ஒன்றரை என்று சொல்லிவிடத் தோன்றும். அதற்குப் பதிலாக மாதம் ஒரு தடவை 1,20,000 என்பதை 1-ம் தேதி அறுபது, 15-ம் தேதி அறுபது என்று பிரித்துத் தருகிறேன் என்று சொல். தொகை ஏறாது, ஆனால் அவர் கையில் பணம் சீக்கிரம் சேரும். அப்படி முடிவானால் செக்குகளையும் அறுபது அறுபதாக எழுது.

பேசி முடித்த அன்று மாலையே உன் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, வாட்ஸ்அப்பில் படமும் போடு:

"இன்றைய தேதியில் தங்களுக்குத் தர வேண்டியது ரூ.8,40,000. 9.1.2026-ல் ரூ.1,00,000. பிப்ரவரி முதல் மே வரை மாதம் ரூ.1,20,000. மீதி ரூ.2,60,000 மே 10-க்குள், வெளியூர் வரவு தாமதமானால் ஜூலை 10-க்குள். வரவு பழைய பில்லுக்கு முதலில். புதிய கொள்முதல் ரொக்கத்துக்கு, தனிக் கணக்கில்."

இது நீ பாக்கியை எழுத்தில் ஒத்துக்கொள்வது. சட்டப்படி வசூலுக்கான மூன்று வருஷக் கெடு இந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கும், அதனால் உனக்கு நஷ்டம்தானே என்று உன் கணக்குப்பிள்ளை சொல்லலாம். தர வேண்டிய பணத்துக்கு அந்தக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்த ஊரில் நூல் கிடைக்காது.

லெட்ஜர் காப்பியை நாளைக்கே வாங்கி வை. புதன்கிழமை போய்விட்டு வந்து போன் பண்ணு.

இப்படிக்கு
உன் மாமா