சமையல் மேடையில் நிழல் விழாமல் விளக்கு அமைப்போம்

ரமலானில் ஸஹர் சமையலுக்கு எழும் நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் இருக்காது. அரிசியில் கல் பொறுக்குவதும் காய் நறுக்குவதும் விளக்கை நம்பித்தான். பல வீடுகளில் டியூப்லைட் நன்றாக எரிந்தும் நறுக்கும் பலகை மங்கலாகவே தெரியும். விளக்கு நமக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம். நம் தலையும் தோளும் அதை மறைத்துவிடுகின்றன.

இரவில் சமையல் மேடை முன் வழக்கம்போல் நின்று, ஒரு வெள்ளைத் தாளைப் பலகை வைக்கும் இடத்தில் வையுங்கள். தாளின் மீது உங்கள் நிழல் விழுந்தால், கூரை விளக்கை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் குறை தீராது. நிழலும் கூடவே இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பத்தடிக்கு எட்டடி அடுப்பங்கரை. நடுக்கூரையில் 20 வாட் எல்.இ.டி. டியூப். அது தரும் ஒளி ஏறக்குறைய 2000 லூமென். லூமென் அளவு விளக்கின் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். இந்த ஒளி அறை முழுவதும் பரவி, சுவர்களிலும் குறைந்து, மேடைக்கு வரும்போது சுமார் 130 லக்ஸ்தான் மிஞ்சும். நறுக்குவதற்கு 300 லக்ஸாவது வேண்டும். நம் நிழலும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

இதற்கு மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, 10 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று போதும். அதன் 1000 லூமெனில் பாதி வீணானாலும், ஆறடி நீளம், இரண்டடி அகல மேடையில் 400 லக்ஸுக்கு மேல் கிடைக்கும். ஒளி நமக்கு முன்னாலிருந்து வருவதால் பலகையில் நிழல் விழாது. விளிம்பில் சிறு பட்டை ஒன்றை அடித்தால் கண் கூசாது. அலமாரி இல்லாத வீட்டில், மேடை முன் நிற்கும்போது நமக்கு எதிரேயுள்ள சுவரில், தலைக்கு மேல் பொருத்தலாம்.

அடுத்தது நிறம். 6500 கெல்வின் விளக்கு நீலம் கலந்த வெண்மையாக இருக்கும். 3000 கெல்வின் விளக்கு மஞ்சளாக இருக்கும். அதில் மேடையில் படிந்த மஞ்சள் கறை எளிதில் தெரியாது. இரண்டுக்கும் நடுவே 4000 கெல்வின் சமையலுக்கு ஏற்றது. கூரைக்கும் மேடைக்கும் ஒரே நிறம் வாங்குங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. 80-க்குக் குறையாமலும், கிடைத்தால் 90 ஆகவும் பாருங்கள். அது குறைந்தால் கறியின் சிவப்பு மங்கி, புதியதா பழையதா என்று கண்ணால் அறிவது கடினமாகும்.

அடுப்புக்கு நேர் மேலே மட்டும் விளக்கைப் பொருத்தாதீர்கள். சூடும் எண்ணெய்ப் புகையும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். வயர் இணைப்பை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீசியனைக் கொண்டே செய்யுங்கள். பொருத்தியபின் அதே வெள்ளைத் தாளை மேடையில் வைத்து மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.